மேல்கணக்கிலிருந்து லேபர் வார்டு வரை: மணிக்கூடு பார்த்துப் போடும் கணக்கு

"ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?" என்று மலைநாட்டில் கேட்டால் எல்லோரும் கட்டை கணக்கில்தான் பதில் சொல்வார்கள். நிறைமாதத்தில் அந்தக் கணக்கு உதவாது. நிமிடத்தில் பேச வேண்டும். அதுவும் பகல் நிமிடம் வேறு, மழை இரவு நிமிடம் வேறு.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் பிரிவில், அதாவது மேல்கணக்கில், உள்ள லயம் ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். லயத்திலிருந்து வண்டி நிற்கும் இடம் வரை படிக்கட்டு. அங்கிருந்து மெயின் ரோட்டுச் சந்திக்கு 6 கிலோமீற்றர் தோட்டப் பாதை. பிறகு நோர்வூட் வழியாக டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு 18 கிலோமீற்றர் என்று வைப்போம். ஆட்டோக்காரர் கீழ்க்கணக்கில் இருக்கிறார். அவர் எழும்பி, வண்டியைக் கிளப்பி மேலே வர 25 நிமிடம் ஆகும். அதற்குள் கர்ப்பிணி மெதுவாகப் படி இறங்கிவிடலாம். தோட்டப் பாதை 35 நிமிடம், மெயின் ரோட் 40 நிமிடம், ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து வார்டுக்கு 10 நிமிடம். மொத்தம் 110. அதே பயணம் மழை இரவில் 35, 50, 55, 10 என்று 150 நிமிடம் பிடிக்கும். இரண்டரை மணித்தியாலம்.

இந்த எண்களைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் அளந்து எழுதவேண்டும். 34ஆம் கிழமைக்கும் 36ஆம் கிழமைக்கும் இடையில் கிளினிக்குக்குப் போகும் நாளிலேயே, அதே ஆட்டோவில், போனில் நேரம் பார்த்து அளக்கலாம். இரவில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லி ட்ரைவரிடம் கேட்பதும் வீண்போகாது. பாதையில் எங்கே கானு உடைந்து தண்ணீர் குறுக்கே ஓடுகிறது, எந்த வளைவில் பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். சில தோட்டங்களில் இரவில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சாவி எந்தக் காவல்காரரிடம், அவர் எந்த லயத்தில் என்பதையும் அன்றைக்கே கேட்டு வைத்துவிடுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. பக்கத்தில் இருக்கும் பிரதேச வைத்தியசாலைக்கு அரை மணித்தியாலத்தில் போய்விடலாம். ஆனால் சிசேரியன் செய்யும் தியேட்டரும் பிரசவ நிபுணரும் ஆதார வைத்தியசாலையிலோ அதற்கு மேலேயோதான் இருப்பார்கள். சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து மாற்றி அனுப்ப இன்னொரு வண்டி வரும்வரை காத்திருந்தால், நேராகப் போவதைவிட நேரம் கூடிவிடும். அதற்காக எப்போதும் தாண்டிப் போய்விடவும் கூடாது. இரத்தம் கொட்டும்போதும், வலிப்பு வந்தபோதும், பிள்ளை இதோ வரப்போகிறது என்னும்போதும் கிட்ட உள்ள இடமே சரி. சேலைன் ஏற்றவும் பிள்ளையைப் பார்க்கவும் அங்கே ஆள் இருக்கும். மற்ற நேரத்தில் எங்கே போவதென்பதை 36ஆம் கிழமை கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டு கிளினிக் கார்ட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே நாளில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "வீடு இரண்டரை மணித்தியால தூரம். முன்கூட்டியே வார்டில் சேர்வதா?" முந்தைய பிள்ளை சிசேரியன், இரட்டைப் பிள்ளை, பிள்ளை தலைகீழாக இல்லாமல் குந்தியிருப்பது, நச்சுக்கொடி கீழே இருப்பது, பிரஷர் கூடியிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வலி வரட்டும் என்று லயத்தில் காத்திருக்கும் திட்டமே பிழை. டவுன் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் கடைசி இரண்டு மூன்று கிழமை அங்கே தங்குவது, எந்த ஆட்டோ ஏற்பாட்டையும்விட நல்லது. வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுவதுதான் நாங்கள் அதிகம் பார்த்த தவறு. தூரத்தை நாம் சொல்லாவிட்டால் டொக்டருக்குத் தெரியாது. கார்ட்டில் தோட்டத்தின் பெயர் இருக்குமே தவிர, மேல்கணக்குப் பாதையின் நிலைமை இருக்காது.

இனி 1990, சுவசெரிய அம்புலன்ஸ். காசு இல்லை, தமிழிலும் பேசலாம், வண்டியில் பயிற்சி பெற்ற ஆள் வருவார். ஆனால் தோட்டப் பாதையில் லயம் வரை ஏறிவரும் என்று அதை நம்பி இருக்கக் கூடாது. மெப்பில் பாதை இருக்காது, பாலம் ஒடுக்கமாக இருக்கும், இருட்டில் பிரிவுப் பாதை மாறிப்போய் வேறு தோட்டத்து ஸ்டோருக்குப் போய் நிற்கும். அதனால் பயணத்தை இரண்டாகப் பிரித்து வையுங்கள். சந்தி வரை நம் ஆட்டோ, சந்தியிலிருந்து அம்புலன்ஸ்.

இதில் சூட்சுமம் ஒன்றுதான்: இரண்டையும் ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டும். ஒருவர் ட்ரைவருக்கு எடுக்கும்போது இன்னொருவர் 1990க்கு எடுக்க வேண்டும். மேலே போட்ட பகல் கணக்கில் ஆட்டோ சந்திக்கு வந்து சேர 60 நிமிடம். அந்த 60 நிமிடமும் அம்புலன்ஸ் வருவதற்குக் கிடைத்த நேரம். சந்திக்கு வந்த பிறகு கூப்பிட்டால் அவ்வளவும் வீண். அம்புலன்ஸ் முந்தி வந்து, பாதையும் சரியாக இருந்தால் மேலே ஏறி வரட்டும், நடுவழியில் மாற்றிக்கொள்ளலாம். வராவிட்டால் சந்தியில் நிற்காமல் ஆட்டோவிலேயே தொடர்ந்து போக வேண்டும். போகிற வழியை 1990க்குத் திரும்ப எடுத்துச் சொல்லுங்கள்.

போனில் என்ன சொல்வதென்று முன்பே எழுதி வையுங்கள், பதற்றத்தில் வாய் வராது. "கர்ப்பிணி, 38 கிழமை, இரண்டாவது பிள்ளை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி. இன்ன டவுனுக்கும் இன்ன டவுனுக்கும் நடுவில், இன்ன தோட்டத்துப் பெயர்ப்பலகைச் சந்தியில் கோயில் முன்னால் நிற்போம். சிவப்பு ஆட்டோ. இந்த நம்பருக்கு எடுங்கள்." லயன் நம்பரும் காம்பரா நம்பரும் தபால்காரருக்கு உதவும், அம்புலன்ஸ்காரருக்கு உதவாது. மெயின் ரோட்டில் ஓடும் எவருக்கும் தெரிந்த அடையாளம்தான் வேண்டும்.

ட்ரைவர் ஒருவர் போதாது. மூன்று பேராவது வேண்டும், அதில் ஒருவராவது வேறு கணக்கில் இருப்பவராக இருக்கட்டும், ஒருவர் வரும் பாதையில் மண் சரிந்தால் மற்றவர் வர முடியும். கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமான கேள்விகளையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். சம்பள நாளும் சனிக்கிழமை இரவும் குடிப்பாரா? தீபாவளிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் ஊரில் இருப்பாரா? டேங்கில் பாதிக்குக் குறையாமல் பெற்றோல் வைப்பாரா, ஏனென்றால் இரவில் திறந்திருக்கும் செட் எங்கேயோ கீழே இருக்கும். இரவுக் கூலியை முன்பே பேசி, அந்தக் காசைத் தனி உறையில் போட்டு வையுங்கள். இன்னொன்று, பனிக்குடம் உடைந்த பெண்ணை ஏற்றினால் சீட் பழுதாகிவிடும் என்று சில ட்ரைவர்மார் தயங்குவார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். தடித்த பொலித்தீன் ஒன்றும் பழைய பெட்சீட் இரண்டும் வாசலிலேயே மடித்து வைத்தால் அந்தத் தயக்கம் முடிந்தது.

சிக்னல் பிரச்சினை லயத்துக்கு லயம் மாறும். ஒரு கம்பனி சிம் குழாயடியில் பிடிக்கும், இன்னொன்று கோயில் மேட்டில்தான் பிடிக்கும். எங்கே எது பிடிக்கிறது என்று பார்த்து, இரண்டு கம்பனி சிம்மும் வீட்டில் வையுங்கள். காற்றும் மழையும் வந்தால் கரண்ட் போகும், போன் சார்ஜ் இறங்கும். அதனால் நம்பர்களைப் போனில் மட்டும் வைக்காமல் பேப்பரில் எழுதி, ஒன்றைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி, இன்னொன்றைக் கிளினிக் கார்ட்டுக்குள் வையுங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: மூன்று ட்ரைவர்கள், 1990, மருத்துவிச்சி, தோட்டத்து டிஸ்பென்சரி, பெரிய வண்டி கேட்க வேண்டுமென்றால் ஆபீசில் யாரிடம் கேட்பது. கணவர் கொழும்பில் வேலை என்றால் அவர் நம்பர் இந்த வரிசையின் கடைசியில்தான். அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவது என்று இருந்தால் அவர் போன் எடுக்கும் வரை வண்டி நிற்கும். யார் முடிவெடுப்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மாமியார் சம்மதம் கிடைக்கும்வரை காத்திருந்து நேரம் போன கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

எப்போது கிளம்புவது? 150 நிமிடப் பாதைக்கு டவுன்காரர் விதி பொருந்தாது. அவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி வரும்வரை வீட்டில் இருக்கலாம். இங்கே முதல் பிள்ளை என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக ஒரு மணித்தியாலம் வலி வந்தால் கிளம்ப வேண்டும். இரண்டாவது, மூன்றாவது பிள்ளை வேகமாக வந்துவிடலாம். வலி ஒழுங்குக்கு வந்தவுடனேயே ட்ரைவரைக் கூப்பிடுங்கள், எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பொய்வலி என்று திருப்பி அனுப்பினால் ஒரு ஆட்டோக்கூலி நட்டம், அவ்வளவுதான்.

வலியே இல்லாமல் கிளம்ப வேண்டிய நேரங்களும் உண்டு. பனிக்குடம் உடைந்தால் நேரத்தையும் தண்ணீரின் நிறத்தையும் குறித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் போயிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளை வழக்கத்தைவிடக் குறைவாக அசைந்தால் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. தாங்க முடியாத தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே வலி, முகம் வீங்குதல் ஆகியவை பிரஷர் ஏறியதைக் காட்டும், வலிப்பு வருவதற்கு முன்னால் வரும் அறிகுறிகள். காய்ச்சல் வந்தாலும், இரத்தம் போனாலும் உடனே கிளம்ப வேண்டும். வண்டியில் இடம் இருந்தால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். தொப்புள்கொடி முன்னால் வெளியே தெரிந்தால் மட்டும் வேறு மாதிரி: முழங்காலில் குனிந்து, நெஞ்சைத் தாழ்த்தி, பிட்டத்தை உயர்த்தி வைத்தபடியே கொண்டுபோக வேண்டும். கொடியை உள்ளே தள்ளக் கூடாது.

பாதி வழியில் பிள்ளை வந்துவிட்டால் வண்டியை நிறுத்துங்கள். பிள்ளையை இழுக்க வேண்டாம், தானாக வரும். துணியால் துடைத்துத் தாயின் வெறும் நெஞ்சில் வைத்து, தலையையும் சேர்த்து மூடுங்கள். மலைக் குளிர் அந்தப் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து. கொடியை வெட்டவோ நச்சுக்கொடியை இழுக்கவோ கூடாது. 1990ஐத் திரும்ப எடுத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

மழைக்காலத்துக்கு மட்டும் இன்னொரு முடிவு வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று கட்டமாகக் கொடுக்கிறது. 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் முதல் கட்டம், 100ஐத் தாண்டினால் இரண்டாவது, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டிய மூன்றாவது கட்டம். 36 கிழமை கடந்த பெண் இருக்கும் வீட்டில் முதல் கட்டத்திலேயே கீழே இறங்கிவிடுவது நல்லது, ஏனென்றால் மூன்றாவது கட்டம் வரும்போது பாதை இருக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகத்துப் பாதைகள் பல இடங்களில் அறுந்துபோனதைப் பார்த்தோம். பாதை அறுந்துவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்து, நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அதோடு பாதையின் எந்தப் பக்கம் அறுந்தது, மறுபக்கத்திலிருந்து நடந்து வந்தால் எவ்வளவு நேரம் என்பதையும் சொன்னால், வருபவர்கள் ஸ்ட்ரெச்சரோடு வருவதா, வண்டியோடு வருவதா என்று தீர்மானித்து வருவார்கள்.