ஆடிட்டரை நீக்க நினைத்து, கடைசியில் மாற்றி முடித்த கதை

ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். எங்கள் ஆடிட்டர் ஐந்து வருட நியமனத்தில் இரண்டு வருடம்தான் முடித்திருந்தார். அந்த வருட அறிக்கையில், பல வருடமாக நகராமல் கிடக்கும் சரக்குக்கு மதிப்பைக் குறைத்துக் காட்டவில்லை என்று ஒரு ஆட்சேபத்தை எழுதிவிட்டார். வங்கி மேலாளர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு எங்கள் டைரக்டருக்குப் போன் செய்ய, மறுநாள் காலை டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "அவரை எடுத்துடுங்க, அடுத்த மாசத்துக்குள்ள வேற ஆள் வேணும்" என்றார்.

நானும் போர்டு தீர்மானம் ஒன்று போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கம்பெனி செகரட்டரி சிரித்துவிட்டார். ஆடிட்டரை வைப்பதும் எடுப்பதும் பங்குதாரர்கள் கையில் இருக்கிறது, அதிலும் காலம் முடியும் முன்னால் நீக்குவது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 140-வது பிரிவுப்படி நடக்க வேண்டும். முதலில் போர்டு தீர்மானம், அதிலிருந்து 30 நாளுக்குள் ADT-2 படிவத்தில் மத்திய அரசுக்கு விண்ணப்பம் (நடைமுறையில் அது ரீஜனல் டைரக்டரிடம் போகிறது), அனுமதி வந்த 60 நாளுக்குள் பொதுக்கூட்டம் கூட்டிச் சிறப்புத் தீர்மானம், அதாவது பதிவாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. இடையில் ஆடிட்டருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். இதையெல்லாம் கேட்டபோதுகூட டைரக்டர் தளரவில்லை. "விண்ணப்பத்துல காரணம்னு என்ன சார் எழுதறது?" என்று செகரட்டரி கேட்டபோதுதான் அமைதியானார். சரக்கு பற்றி உண்மையை எழுதினார், அதனால் நீக்குகிறோம் என்று அரசாங்கத்துக்கு எழுத முடியுமா?

அப்புறம், குறிப்பிட்ட காலம் முடிந்ததும் ஆடிட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்கிற சுழற்சி முறையைக் காரணம் காட்டலாமா என்று டைரக்டர் கேட்டார். எங்களுக்கு அது பொருந்தவே இல்லை. பிரைவேட் கம்பெனி என்றால் செலுத்திய மூலதனம் 50 கோடி ரூபாயைத் தொட வேண்டும், அல்லது வங்கி, நிதி நிறுவனக் கடனோ பொதுமக்கள் வைப்போ 50 கோடி இருக்க வேண்டும். நாங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை. பொருந்தினாலும் தனி ஆடிட்டருக்கு ஐந்து வருடம், நிறுவனமாக இருந்தால் இரண்டு ஐந்து வருடம் முடிந்த பிறகுதான் கட்டாய இடைவெளி வரும். இரண்டாவது வருடத்தில் அதைப் பேசுவதே வேடிக்கை.

இதற்கிடையே ஆடிட்டரே நவம்பர் 12-ந் தேதி ராஜினாமா கடிதம் அனுப்பிவிட்டார். டைரக்டர் முகத்தில் நிம்மதி. எனக்கும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கிருந்துதான் நாட்களை எண்ண ஆரம்பித்தோம்.

ராஜினாமாவால் காலியான இடத்தைப் போர்டு 30 நாளுக்குள் நிரப்ப வேண்டும், எங்களுக்கு டிசம்பர் 12 கெடு. ஒருவரிடம் பேசினோம், அவருக்கும் சம்மதம். ஆனால் பழைய ஆடிட்டருக்கு எழுத்தில் தெரிவிக்காமல் நியமனத்தை ஏற்றால் தொழில் ஒழுங்கு மீறலாகிவிடும் என்று சொல்லி, நவம்பர் 14-ந் தேதி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினார். எல்லோரும் இதை என்.ஓ.சி. என்று சொல்கிறோம், உண்மையில் பழையவர் அனுமதி தரும் விஷயம் இல்லை இது. ஏற்கக் கூடாத காரணம் ஏதாவது உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, அவ்வளவுதான்.

பதில் நவம்பர் 20-ந் தேதி வந்தது. இரண்டே விஷயம். சரக்கு ஆட்சேபம் ஒன்று, போன வருட ஆடிட் கட்டணம் வரவில்லை என்பது இன்னொன்று.

கட்டணத்தை நிறுத்தி வைக்கச் சொன்னது டைரக்டர்தான், கோபத்தில். "அதுல தகராறு இருக்குன்னு சொல்லிடுங்க" என்றார். தகராறில் உள்ள கட்டணம் என்றால் புதியவர் ஏற்கலாம், தகராறு இல்லாத கட்டணம் பாக்கி இருந்தால் ஏற்கக் கூடாது என்பது பட்டயக் கணக்காளர் கழகத்தின் விதி. அதை அவர் எங்கேயோ கேட்டிருக்கிறார். புதிய ஆடிட்டர் எங்கள் இருப்பு நிலைக் குறிப்பையே எடுத்து மேசையில் விரித்தார். ஆடிட்டருக்குத் தர வேண்டியது என்று அந்தத் தொகை அதில் இருந்தது, கீழே டைரக்டர் கையெழுத்து, பக்கத்தில் பழைய ஆடிட்டர் கையெழுத்து. "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கணக்குல வந்த கட்டணம் தகராறு இல்லாத கட்டணம் சார். அதுதான் விதி. இது தீராம நான் உள்ள வர முடியாது." டைரக்டர் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 25-ந் தேதி பணம் போனது. மறுநாள் புதியவர் சம்மதக் கடிதமும் தகுதிச் சான்றும் கொடுத்தார், 28-ந் தேதி போர்டு நியமித்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்துப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டியிருப்பேன். இடம் ராஜினாமாவால் காலியானது என்றால் போர்டு நியமனம் மட்டும் போதாது, போர்டு பரிந்துரைத்த மூன்று மாதத்துக்குள் பொதுக்கூட்டமும் ஒப்புதல் தர வேண்டும். எங்களுக்கு பிப்ரவரி 28 வரை நேரம் இருந்தது, இருந்தாலும் டிசம்பர் 24-ந் தேதியே இ.ஜி.எம். என்கிற சிறப்புப் பொதுக்கூட்டம் வைத்தோம். அழைப்புக்கு 21 முழு நாள் இடைவெளி வேண்டும் என்பதால் போர்டு கூட்டம் முடிந்த கையோடு அழைப்பை அனுப்பிவிட்டோம்.

கூட்டம் முடிந்த 15 நாளுக்குள், நியமனத்தைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் ADT-1 படிவம் போட வேண்டும். இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. காலியிடத்தை நிரப்பும் நியமனம் என்று குறித்தால், அது சம்பந்தமான படிவத்தின் SRN எண்ணை, அதாவது தாக்கல் செய்ததும் கிடைக்கும் எண்ணை, ADT-1 கேட்கும். அது பழைய ஆடிட்டர் தன் ராஜினாமாவைத் தெரிவித்துத் தாக்கல் செய்யும் ADT-3-ல்தான் கிடைக்கும். ராஜினாமா செய்த 30 நாளுக்குள் அதைத் தாக்கல் செய்வது அவர் பொறுப்பு, நம் கையில் இல்லை. யாருக்குக் கட்டணத்தை இழுத்தடித்தோமோ அவரிடமே போய் "சார், ADT-3 போட்டாச்சா?" என்று கேட்பது எவ்வளவு சங்கடம் என்று அன்றைக்குத் தெரிந்தது. நல்ல மனிதர், டிசம்பர் 8-ந் தேதியே போட்டுவிட்டு எண்ணை அனுப்பியிருந்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதாமல், கட்டணப் பாக்கியையும் சரக்கு விவகாரத்தையும் இரண்டு வரியில் எழுதியிருந்தார்.

இப்படி வந்தவரின் காலம், வருடாந்திரப் பொதுக்கூட்டமான ஏ.ஜி.எம். அடுத்து நடந்து முடிகிற வரைதான். அதனால் செப்டம்பரில் அவரையே மறுபடி முழுக் காலத்துக்கு நியமித்து, இன்னொரு ADT-1 போட்டோம். தீர்மானத்தில் ஐந்தாவது ஏ.ஜி.எம். வரை என்று எழுதியிருந்தேன், செகரட்டரி அடித்து ஆறாவது என்று திருத்தினார். நியமிக்கிற கூட்டத்தையே முதல் கூட்டமாக எண்ண வேண்டும், அப்போதுதான் ஐந்து வருடக் கணக்கும் அவர் கைக்குள் வரும்.

இதற்கு முன்னாலேயே, ஜனவரி முதல் வாரத்தில், புதிய ஆடிட்டரிடமிருந்து முதல் மின்னஞ்சல் வந்தது. போன வருட இறுதி இருப்புதான் இந்த வருடத் தொடக்க இருப்பு, அதைத் தான் நேரில் எண்ணிப் பார்க்கவில்லை என்பதால் அந்த விவரங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். இணைப்பில் ஒரே வரி: இரண்டு வருடத்துக்கு மேல் நகராத சரக்கின் பட்டியல், பொருள் வாரியாக. டைரக்டருக்கு அப்படியே அனுப்பி வைத்தேன். பதில் வரவில்லை, ஆனால் மறுநாள் கிடங்குப் பொறுப்பாளர் பட்டியல் எடுக்க ஆரம்பித்திருந்தார்.