பன்னிரண்டு மணிக் குழு

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் பிரிவில் யாராவது ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார். யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து, திரையைப் பூட்டிவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டு போவார்கள். சற்று நேரத்தில் தளமே காலியாகிவிடும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதோ தலைபோகிற வேலை இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் டப்பாவைத் திறப்பேன். அம்மா போனில் "யாரோட சாப்பிடுற?" என்று கேட்டால், "எல்லாரும் சேர்ந்துதாம்மா" என்று சொல்லிவிடுவேன்.

இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்து மாதங்கள் ஓடியும் இதுதான் நிலைமை. இத்தனைக்கும் யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. காலை வணக்கம் தவறாது. சந்தேகம் கேட்டால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து விளக்குவார்கள். யாராவது வெடுக்கென்று பேசியிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

தனியாகச் சாப்பிடுவதுகூடப் பழகிவிட்டது. வேலையில் விழுந்த அடிதான் பழகவில்லை. வண்டியின் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு செய்தி 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை போகிற மாதிரி காலை முழுக்க எழுதி வைத்திருப்பேன். மாலைக் கூட்டத்தில், "அது 50 என்று முடிவாகிவிட்டதே" என்பார்கள். எங்கே முடிவானது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மின்னஞ்சல் கிடையாது, குறிப்பும் கிடையாது. சாப்பாட்டு மேசையில் ஒருவர் சொல்லியிருப்பார், மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். எல்லா முடிவையும் எழுதி வைக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனங்களிலும் பாதி விஷயம் இப்படித்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த வாரம் சோதனை மேசையில் எனக்கொரு தலைவலி. வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் வலையை அந்த மேசையில் அப்படியே விரித்து வைத்திருப்பார்கள். வலை சில மணி நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு திடீரென்று பிழைகள் குவியும், ஒரு பெட்டி தானாகவே வலையிலிருந்து விலகிக்கொள்ளும். கேன் கம்பியின் இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிகளுக்கு நடுவே மீட்டரை வைத்தால், இரண்டும் இணையாகச் சேர்ந்து 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு மின்தடையைக் காணோம் என்று அர்த்தம். எனக்குக் காட்டியது 40. அப்படியென்றால் எங்கோ மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறது.

சில பெட்டிகளுக்குள்ளேயே மின்தடை இருக்கும். அதனால் ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றிக் கழற்றி அளந்தேன். கடைசிப் பெட்டியையும் கழற்றிய பிறகும் மீட்டர் 40-லேயே நின்றது. ஆக, சனியன் வயர் கட்டுக்குள்தான் எங்கேயோ இருக்கிறது. கை தடிமனுக்கு நாடா சுற்றிய கட்டு அது. முழுவதையும் பிரித்தால் திரும்பக் கட்ட இரண்டு நாள் ஆகும்.

பக்கத்து மேசைக்காரர் தன் லேப்டாப்போடு உதவிக்கு வந்தார். இருவரும் பிழைப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் திரையின் மூலையில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது: "12?" அடுத்த நொடியே அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

"இது என்ன?" என்றேன்.

"சாப்பாட்டுக் குழு. உனக்கும் வந்திருக்குமே?"

"எனக்கா? இல்லையே."

அவர் குழுவைத் திறந்து உறுப்பினர் பட்டியலை உருட்டினார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. யாரோ ஒருவர் எப்போதோ ஆரம்பித்த குழு. புதிதாகச் சேருகிறவர்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ள அது ஒன்றும் துறையின் குழு இல்லை. கையால் சேர்த்தால்தான் உண்டு. சேர்ப்பது யார் வேலை? ஒவ்வொருவரும் மற்றவர் சேர்த்திருப்பார் என்று இருந்திருக்கிறார்கள். பட்டியலில் வேலையை விட்டுப் போன ஒருவர் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை.

"நீ தனியாகச் சாப்பிடத்தான் விரும்புகிறாய் என்று நினைத்தோம். எப்பவும் காதில் அதை மாட்டிக்கொண்டிருப்பாயே" என்றார். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. என் பெயரைச் சேர்த்துவிட்டு, "வா, போகலாம்" என்றார். மீட்டரைக்கூட அணைக்காமல் அவர் பின்னால் போனேன்.

முதல் சாப்பாடு ஒன்றும் இனிமையாக இல்லை. நீள மேசையின் ஓரத்தில் இடம் கிடைத்தது. ஐந்து நிமிடம் எனக்காக ஆங்கிலத்தில் பேசினார்கள். அப்புறம் யாரோ ஒரு நகைச்சுவையைத் தொடங்க, பேச்சு அவர்கள் மொழிக்கு வழுக்கிப் போய்விட்டது. வேண்டுமென்று செய்ததில்லை, சிரிப்பு வருகிற மொழியில்தானே சிரிக்க முடியும்? எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நானும் சும்மா சிரித்து வைத்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நாலைந்து பேருக்கு மேல் உட்கார்ந்துவிட்டால் மொத்த மேசையும் ஒரே பேச்சில் இருப்பதில்லை, இரண்டாக மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. மேசை முழுவதையும் பிடிக்கப் பார்க்காமல், எதிரில் இருப்பவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

எதிரில் இருந்தவர் சோதனைக் கூடத்தின் மூத்த டெக்னீஷியன். அவரை வழியில் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. "என்ன வேலை ஓடுகிறது?" என்று கேட்டார், சொன்னேன். 40 ஓம் என்றதும் கையில் இருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மூன்றாவது சோதனை மேசையா?"

"ஆமாம்."

"பதிவு எடுக்கிற லாகரை மாட்டுகிற கனெக்டரைக் கழற்றிப் பார். அதன் மூடிக்குள் ஒரு மின்தடை பற்றவைத்திருக்கும். ஒருமுறை பாதி மேசையை மட்டும் தனியாக ஓட்ட வேண்டியிருந்தது, அதற்காகப் போட்டது. எடுக்க மறந்திருப்பான்."

"யார்?"

அவர் சொன்னது, பட்டியலில் நான் பார்த்த அதே பெயர். மேசையில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரிந்திருந்தது. என்னிடம் மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நான் கேட்கிற தூரத்தில் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்ததும் நேராகப் போய் மூடியின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினேன். பின்களுக்கு நடுவே, மேலே ஒரு ரப்பர் உறை போட்டு, அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்ததும் மீட்டர் 60-க்கு வந்தது. இரவு முழுக்க வலையை ஓடவிட்டேன், காலையில் பதிவில் ஒரு பிழைகூட இல்லை.

அதன்பிறகு தினமும் போகிறேன் என்றில்லை. சில நாள் களைப்பாக இருக்கும், மொழியோடு மல்லுக்கட்டத் தெம்பு இருக்காது, அன்றைக்கு மேசையிலேயே டப்பா. ஆனால் குழுவில் கட்டைவிரலுக்குப் பதிலாக "இன்றைக்கு இல்லை, நாளை வருகிறேன்" என்று எழுதிவிடுவேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மறுபடியும் தனிமை விரும்பி என்று நினைத்துவிடுவார்கள் என்று பயம். ஹெட்போன் மட்டும் பதினொன்றே முக்காலுக்கே பைக்குள் போய்விடுகிறது.

ஒரு வியாழக்கிழமை எங்கள் மேசைக்கு அறிமுகமில்லாத ஒருவர் தட்டோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டடத்தில் வேறொரு நிறுவனத்தில் வேலை செய்கிறாராம், வாரம் ஒருமுறை பழைய ஆட்களோடு சாப்பிட வருவாராம். குழுவிலிருந்து அவரை ஏன் யாரும் நீக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. டெக்னீஷியன் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"லாகர் கனெக்டரில் இருந்ததை எடுத்துவிட்டாயா? சரி. பவர் சப்ளைக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் ஒட்டியிருப்பேனே, அதைப் பார்த்தாயா?"

ஒரு காகிதக் கைக்குட்டையை அவர் முன்னால் விரித்து, பேனாவை நீட்டினேன்.

"வரைந்து காட்டுங்கள்."