மனுவாகிப் போன கடிதம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் நான் பணியாற்றியபோது, மாவட்ட ஆட்சியரைச் சந்திக்க நேரம் கேட்டு இரண்டு முறை கடிதம் எழுத வேண்டியிருந்தது. முதல் கடிதம் வீணானதற்கு அலுவலகத்தில் யாரும் காரணமில்லை. பிழை முழுக்க என் எழுத்தில்தான் இருந்தது.

எங்கள் கருத்துரு புளியைப் பற்றியது. ஊத்தங்கரைப் பக்கம் தை முடிந்து பங்குனி வரை புளி உலுக்குவார்கள். ஓடும் நாரும் நீக்கி, கொட்டை எடுக்கும் வேலையைப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையாலேயே செய்வார்கள். மழைக்காலத்து ஈரம் பட்டால் புளி கறுத்து விலை இறங்கும் என்பதால், வைக்க இடமில்லாதவர்கள் அறுவடைக் காலத்திலேயே கிடைத்த விலைக்கு விற்றுவிடுவார்கள். பூட்டிக் கிடந்த ஊராட்சி ஒன்றியக் கட்டடம் ஒன்றை வாடகைக்குத் தந்தால், கொட்டை எடுக்கவும் ஈரம் படாமல் இருப்பு வைக்கவும் அதைப் பயன்படுத்தலாம் என்பதே எங்கள் எண்ணம்.

முதல் கடிதத்தை மூன்று பக்கத்துக்கு எழுதினேன். புளி விவசாயிகளின் துயரம், இடைத்தரகர்களின் போக்கு, அரசு செய்ய வேண்டியவை என்று வரிசையாக அடுக்கிவிட்டு, ‘நேரில் சந்திக்க வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்’ என்பதைக் கடைசி வரியில் வைத்தேன். பொருள் வரியில் இருந்தது ‘புளி விவசாயிகளின் வாழ்வாதாரம் – தொடர்பாக’ மட்டும். தபால் பிரிவில் பொருளைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். ஆகவே அது மனுவாகப் பதிவாகி, துறைக்கு ‘தக்க நடவடிக்கைக்காக’ அனுப்பப்பட்டது. சில வாரங்களில், மனு இன்ன அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று நகல் வந்தது. நேரம் கேட்டிருந்ததே யார் கண்ணிலும் படவில்லை.

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவரிடம் அந்த நகலைக் காட்டினேன். “தம்பி, நேரம் கேட்டீங்களா, குறை சொன்னீங்களா? ரெண்டையும் ஒரே தாள்ல வெச்சா குறைதான் பதிவாகும்” என்றார். ஆட்சியரின் நாட்குறிப்பைப் பார்த்து நேரம் வகுக்கும் முகாம் எழுத்தருக்கு எதற்காக, எத்தனை நிமிடம், எத்தனை பேர், எந்த நாள்கள் என்னும் நான்கும் தெரிந்தால் போதும் என்றும், அவை இல்லாத கடிதம் ஒதுங்கித்தான் கிடக்கும் என்றும் விளக்கினார்.

இரண்டாம் கடிதத்தை ஒரே பக்கத்தில் முடித்தேன். பொருள் வரி இப்படி அமைந்தது: ‘பயன்பாட்டில் இல்லாத ஒன்றியக் கட்டடத்தைப் புளி பதப்படுத்த வாடகைக்குப் பெறும் கருத்துரு – நேரில் விளக்கிட 15 நிமிடம் ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.’ நீளமான வரிதான். ஆனால் அதைப் படித்தவர் மற்றதைப் படிக்காவிட்டாலும் கோரிக்கை இன்னதென்று புரியும். முதல் பத்தியில் நாங்கள் யார், எந்த முடிவு ஆட்சியரிடமிருந்து வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். அடுத்த பத்தி சுருக்கம்: கட்டடம் எங்கே இருக்கிறது, எத்தனை பெண்கள் வேலை பார்ப்பார்கள், வாடகையும் பழுதுபார்ப்பும் யார் செலவு, எத்தனை ஆண்டுக்குக் கேட்கிறோம். பணம் எதுவும் கேட்கவில்லை என்பதையும் தனி வாக்கியமாக எழுதினேன், ஏனென்றால் கருத்துரு என்றாலே நிதி கேட்பது என்று கொள்ளும் வழக்கம் உண்டு. முழுக் கருத்துருவை இணைக்காமல், சந்திப்பின்போது அளிப்பதாகக் குறிப்பிட்டேன். இணைத்திருந்தால் கடிதம் மறுபடியும் துறைக்குப் பயணம் போயிருக்கும்.

நாள்களைச் சொல்வதிலும் கவனம் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அதை விட்டு, செவ்வாய் முதல் வெள்ளி வரை எந்த நாளும் பிற்பகலில் வர இயலும் என்றும், நானும் இரு பெண் உறுப்பினர்களும் வருவோம் என்றும் எழுதினேன். கிராம வருவாய்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நடக்கும் வாரங்களைத் தவிர்ப்பதற்காகக் கடிதத்தைச் சித்திரை பிறக்குமுன்பே கொடுத்தோம். நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பியதோடு, அவரை முன்கூட்டியே நேரில் பார்த்துச் செய்தியும் சொல்லி வைத்தோம். கட்டடம் ஒன்றியத்துக்குரியது என்பதால், ஆட்சியர் முதலில் அவரிடம்தான் கேட்பார்.

தபாலில் அனுப்பாமல் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் மாலை முகாம் எழுத்தர் தொலைபேசியில் அழைத்து, மறுநாள் நான்கு மணிக்கு வரச் சொன்னார்.

ஆட்சியர் அந்த ஒரு பக்கத்தையே மேசையில் வைத்திருந்தார். சுருக்கத்தின் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, “மின் இணைப்பு யார் பெயரில் இருக்கும்?” என்று கேட்டார். கடிதத்திலும் அது இல்லை, நான் கையில் கொண்டுபோன கருத்துருவிலும் இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்டு மூன்று நாளில் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தோம்.