காலுறை போட ஒரு மணி நேரம்

மார்ச் 4
இன்றும் நாலு மணிக்கே விழிப்பு. இடுப்பு விறைத்து, புரண்டு படுக்கவே கட்டில் விளிம்பைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எழுந்து காப்பி குடித்து, மொட்டைமாடியில் நாலு சுற்று நடந்தால் மெல்ல இளகும். குனிந்து காலுறை போட ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. 22 வயதில் தொடங்கியது, இப்போது 27. “நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா அப்படித்தான்டா” என்கிறார் அம்மா.

மார்ச் 9
மூட்டுவாத டாக்டரைப் பார்த்தேன். பழைய முதுகு எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. அதை நம்பித்தான் இரண்டு வருஷம் பெல்ட் கட்டி ஓய்வெடுத்தேன். இவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, “படுத்தா குறையுதா, நடந்தா குறையுதா?” என்று கேட்டார். நடந்தால்தான். வலி ஒரு வாரம் வலது பிட்டம், மறுவாரம் இடது. இதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

முதுகுத்தண்டும் இடுப்பெலும்பும் சேரும் சேக்ரோஇலியாக் மூட்டு, முதுகு எம்.ஆர்.ஐ.யில் சரியாக விழாதாம். எக்ஸ்ரேயில் தெரிய வருஷக்கணக்காகலாம். அந்த மூட்டுக்கென்றே தனி எம்.ஆர்.ஐ. எழுதினார்.

மார்ச் 13
அசையாமல் அரை மணி நேரம். வெளியே வந்தபோது நன்றாகவே இறுகியிருந்தேன்!

மார்ச் 16
படத்தைத் திரையில் காட்டினார். ஸ்டிர் என்ற வகைப் படத்தில் கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிடுவார்கள். நீர் கோத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். எலும்பு மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். எனக்கு இரண்டு பக்கமும் மூட்டை ஒட்டியே வெள்ளைத் திட்டு, அடுத்தடுத்த படங்களிலும் அதே இடத்தில். இன்னொரு வகைப் படத்தில் மூட்டின் விளிம்பு எலி கடித்தது போலச் சின்னச் சின்னதாய் அரிந்திருந்தது.

திட்டு மட்டும் போதாது என்றார். நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கும், பிரசவமான பெண்களுக்கும் அப்படித் தெரியலாம். ஒரே பக்கம் இருந்து, சுற்றியுள்ள தசையிலும் பரவியிருந்தால் காசநோய் போன்ற தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். எனக்கு மூட்டு விளிம்பில் எலும்பு அரிந்திருக்கிறது, இந்த நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 மரபணுவும் பாசிட்டிவ், இத்தனை வருஷக் காலை விறைப்பு வேறு. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: ஆக்சியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ், அதாவது முதுகுத்தண்டையும் இந்த மூட்டையும் தாக்கும் வாதம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இயல்பாகத்தான் இருந்தது, அதை வைத்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லக் கூடாதாம்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போகச் சொன்னார்.

ஏப்ரல் 2
நாப்ராக்ஸன் 500 மி.கி., சாப்பாட்டுக்குப் பிறகு இருவேளை, கூடவே வயிற்றுக்கு ஒரு மாத்திரை. தினமும் உடற்பயிற்சி. விறைப்பு இருபது நிமிடமாகக் குறைந்திருக்கிறது. இது போதவில்லை என்றால் வேறொரு வலிமாத்திரை, அதுவும் சரிவராவிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் உயிரியல் ஊசி. ஊசிக்கு முன் உடம்பில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

பெல்ட்டைப் பரணில் போட்டேன். ஊருக்குப் போன இரண்டு நாள் மாத்திரையை மறந்துவிட்டேன்; மூன்றாம் நாள் காலை ஏழரை வரை காலுறை கையிலேயே இருந்தது.