மேடையிலிருந்து எடுத்த படம் எங்கே? மண்டபப் படங்களை ஒப்பிடும் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4

கல்யாணத்துக்காகப் பார்க்கும் மூன்று மண்டபங்களின் படங்கள் கையில் இருக்கின்றன. தேவை இதுதான்: ஒரே நேரத்தில் 300 பேர் உட்கார வேண்டும், உட்கார்ந்தபடியே மேடையில் நடப்பது தெரிய வேண்டும், வண்டியை விட்டவர்கள் நினைத்த நேரத்தில் எடுத்துக்கொண்டு கிளம்ப முடிய வேண்டும். முதல் பார்வையில் மூன்றும் பிரம்மாண்டமாகத்தான் தெரிகின்றன. காரணம், எல்லாப் படங்களும் வாசல் மூலையில் நின்று, செல்போனில் 0.5x வைத்து எடுத்தவை.

அந்த லென்ஸ் கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாகவும் தூரத்தில் இருப்பதைச் சிறிதாகவும் காட்டும். அதனால் கூடம் நீளமாகிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். படத்தின் நடுவில் வட்டமாகத் தெரியும் கூரை விளக்கு, ஓரத்தில் முட்டை வடிவமாக இழுபட்டிருக்கும். ஓர நாற்காலிகள் நடுவில் இருப்பவற்றைவிட அகலமாகத் தெரியும். இப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு கண்ணால் நீளத்தை மதிப்பிடவே கூடாது.

ஆனால் எந்த லென்ஸ் போட்டாலும் எண்ணிக்கை மாறாது. தரையில் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் போட்டிருந்தால், மேடை ஓரத்திலிருந்து பின்சுவர் வரை டைல்ஸை எண்ணினால் போதும். டைல்ஸ் அளவை மட்டும் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். 16 அங்குல டைல்ஸும் 32 அங்குல டைல்ஸும் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். கம்பளம் விரித்த தரை என்றால் நாற்காலிகளை எண்ணலாம்.

ஆகஸ்ட் 5

முதல் மண்டபம். அகலத்தில் 24 டைல்ஸ், அதாவது 48 அடி. மேடை ஓரத்திலிருந்து பின்சுவருக்கு 31 டைல்ஸ், அதாவது 62 அடி. விளம்பரத்தில் 500 இருக்கை என்று போட்டிருக்கிறார்கள். அதைச் சரிபார்ப்போம்.

அகலத்தில் நடுவழிக்கு 6 அடி, இரு ஓரங்களிலும் 4 அடி விட்டால் மீதி 34 அடி. கையில்லாத நாற்காலி ஒன்றுக்கு ஏறத்தாழ 1.6 அடி. நடுவழிக்கு இருபுறமும் பத்துப் பத்தாக வரிசைக்கு 20 நாற்காலி. நீளத்தில், மேடைக்கு முன்னால் போட்டோ, வீடியோ எடுப்பவர்கள் நிற்க 8 அடி, பின்னால் வருபவர்கள் நின்று இடம் தேட 9 அடி. மிச்சம் 45 அடி. ஒரு வரிசையின் முதுகிலிருந்து அடுத்த வரிசையின் முதுகுக்கு 3 அடி வைத்தால் 15 வரிசை. ஆக 300 நாற்காலி. நம் தேவைக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது, ஆனால் 500 இல்லை.

500 எப்படி வந்தது? வரிசை இடைவெளியை இரண்டரை அடியாகக் குறைத்தாலும் 18 வரிசை, 360 பேர்தான். மீதியைப் பக்கவாட்டு வராந்தாவிலோ மாடியிலோதான் எண்ணியிருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்தால் மேடை தெரியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டரை அடி இடைவெளியில் இன்னொரு சிக்கல் உண்டு. நடுவில் இருப்பவர் ஒருமுறை வெளியே போக வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். படத்தில் நாற்காலியின் முன்விளிம்புக்கும் முன்வரிசை முதுகுக்கும் நடுவில் தரை தெரிகிறதா என்று பாருங்கள். தரையே தெரியவில்லை என்றால் நெருக்கிப் போட்டிருக்கிறார்கள். கேமரா தாழ்வாக இருந்தாலும் தரை மறையும் என்பதால், நின்ற உயரத்தில் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் பார்ப்பது நல்லது.

ஆகஸ்ட் 6

மேடை உயரத்தை அளக்கப் படிகளை எண்ணினால் போதும். படி ஒன்றுக்கு அரை அடி என்று வைத்துக்கொண்டால் முதல் மண்டபத்தில் 4 படி, 2 அடி உயரம். இரண்டாவதில் 7 படி, மூன்றரை அடி. மேடையோடு சேரும் கடைசி ஏற்றத்தையும் எண்ண மறக்கக் கூடாது.

இந்த ஒன்றரை அடி வித்தியாசம்தான் பின்வரிசைக்காரர்களின் நாளைத் தீர்மானிக்கிறது. சமதரையில் உட்கார்ந்தவரின் கண் சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும். முன்னால் இருப்பவரின் உச்சந்தலை அதைவிட 0.4 அடி, அதாவது ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, மேலே. அந்தத் தலைக்கு மேலாகப் பார்வை போய் மேடையில் நாற்காலியில் இருப்பவரின் முகத்தைத் தொட வேண்டும். 3 அடி வரிசை இடைவெளிக்குக் கணக்குப் போட்டால் ஒரு சின்ன வாய்பாடு கிடைக்கிறது: மேடை உயரத்தை 7.5 ஆல் பெருக்கினால், எத்தனை அடி தூரம் வரை மறைக்காமல் தெரியும் என்பது வரும். நாற்காலிகளை ஒன்றுவிட்டு ஒரு வரிசை அரை நாற்காலி நகர்த்திப் போட்டால், முன்வரிசையின் இரண்டு தலைகளுக்கு நடுவே பார்க்கலாம். அதற்கு அடுத்த வரிசைத் தலைதான் மறைக்கும். எனவே தூரம் இரண்டு மடங்காகும், அதாவது 15 ஆல் பெருக்க வேண்டும். தூரத்தை மேடை ஓரத்திலிருந்து அளக்காமல் மணமக்கள் இருக்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும்.

மணமக்கள் மேடை ஓரத்திலிருந்து 8 அடி உள்ளே இருப்பதாக வைத்தால் முதல் வரிசை 17 அடியில் இருக்கிறது, அதன்பின் வரிசைக்கு 3 அடி கூடும். 2 அடி மேடையில், நகர்த்திப் போட்டாலும் 30 அடி வரைதான். அதாவது 5 வரிசை, 100 பேர். மூன்றரை அடி மேடையில் 52 அடி வரை போகும். 12 வரிசை, 240 பேர். நிகழ்ச்சி மேடைத் தரையில் உட்கார்ந்து நடப்பதாக இருந்தால் முகம் இன்னும் ஒன்றரை அடி இறங்கிவிடும். அப்போது 2 அடி மேடை இருந்தும் இல்லாததுபோல்தான். மணமக்கள் இருக்குமிடத்தில் ஒன்றரை அடிப் பலகைத் தளம் போட அனுமதிப்பார்களா என்று மண்டபத்தில் கேட்பது அவசியம்.

ஆகஸ்ட் 8

தூண்கள். இரண்டாவது மண்டபத்தின் படங்களில் தூணே கண்ணில் படவில்லை. இரு ஓரங்களிலும் துணித் தொங்கல்கள் மட்டும். அலங்காரம் செய்த படத்தில் தூணும் மறையும், பக்கக் கதவும் மறையும். அலங்காரமில்லாத வெறும் கூடத்தின் படத்தைக் கேட்டு வாங்கியபோது, துணிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு தூண்கள்.

எந்த நாற்காலிக்கு மேடை தெரியாது என்று தெரிந்துகொள்ள வரைபடம் வேண்டியதில்லை. மேடையிலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும். மணமக்கள் உட்காரும் இடத்தில், அவர்கள் முக உயரத்தில் செல்போனைப் பிடித்து, 1x வைத்து, இடம், நடு, வலம் என்று மூன்று படம். நாற்காலிகள் போட்டிருக்க வேண்டும். அந்தப் படத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நாற்காலி எதுவோ, அங்கிருந்து பார்த்தால் மணமக்கள் தெரியமாட்டார்கள். பார்வைக் கோடு இரு பக்கமும் ஒன்றுதான். மண்டப விளம்பரங்களில் இப்படி ஒரு படம் அபூர்வம். ஆனால் கேட்டால் ஐந்து நிமிடத்தில் எடுத்து அனுப்பிவிடலாம். மூன்று மண்டபங்களிடமும் கேட்டாயிற்று.

ஆகஸ்ட் 9

படங்கள் வந்தன. இரண்டாவது மண்டபத்தில் முன்தூண் மணமக்கள் இடத்திலிருந்து சுமார் 20 அடியில், ஒன்றரை அடி அகலத்தில் நிற்கிறது. தூணின் மறைப்பு தூரத்தோடு விரிந்துகொண்டே போகும்: 40 அடியில் 3 அடி, அதாவது இரண்டு நாற்காலி, 60 அடியில் நாலரை அடி, கிட்டத்தட்ட மூன்று. படத்தில் எண்ணினால் இருபுறமும் சேர்த்து 34 நாற்காலிகள் மறைகின்றன. அவை இரண்டு சாய்ந்த பட்டைகளாகத் தெளிவாகத் தெரிகின்றன. அந்தப் பட்டைகளிலேயே நடைவழியை விட்டால் இழப்பு பெரிதும் குறையும். நடைவழி எப்போதும் நேராக நடுவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

வாசலில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் மண்டபத்தில் உள்ளே வரும் கதவும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் கதவும் பின்சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சாப்பிடக் கிளம்புபவர்களும் அப்போதுதான் வருபவர்களும் அந்த 9 அடியில் முட்டிக்கொள்வார்கள். இரண்டாவதில் சாப்பாட்டுக் கதவு பக்கச் சுவரில், நடுவரிசைக்கு நேரே. அதுவே நல்லது. பக்கக் கதவுகள் பூட்டியோ துணியால் மறைத்தோ இருக்கக் கூடாது. அவசரத்துக்கு வெளியேறவும் அவைதான் வழி.

ஆகஸ்ட் 11

மூன்றாவது மண்டபம் உள்ளே நன்றாகவே இருக்கிறது: தூண் இல்லை, மேடை 3 அடி. பார்க்கிங் 60 கார் என்கிறார்கள். படத்தில் இருப்பது வெறும் மைதானம். வெறும் மைதானத்தின் படம் எதையும் சொல்லாது.

கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் காட்சியில் தூரம் அளக்கும் வசதியை வைத்துப் பார்த்தால் 120 அடிக்கு 70 அடி. ஒரு காருக்கு 8 அடிக்கு 16 அடி. நீளவாக்கில் ஒரு வரிசைக்கு 15 கார். 70 அடியில் நான்கு வரிசை அடங்கும். 60 கார் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது: ஒன்றுக்குப் பின் ஒன்றாக, நடுவில் வழியே இல்லாமல். உள்ளே மாட்டிய காரை எடுக்க முன்னால் இருக்கும் காரின் சொந்தக்காரரைத் தேட வேண்டும். எல்லாரும் தானாக எடுக்க வேண்டுமென்றால் ஒரு வரிசை, 20 அடி வழி, எதிரே இன்னொரு வரிசை, மொத்தம் 52 அடி, 30 கார். மீதி 18 அடியில் நடுவில் சின்ன வழி விட்டு இரண்டு வரிசையாக 90 பைக்குகள் வரை நிற்கும்.

இதிலும் கழிக்க வேண்டியது உண்டு. ஜெனரேட்டர், சமையல் வண்டி, அலங்காரச் சாமான் வந்த லாரி ஆகியவை ஏழெட்டு இடத்தைப் பிடிக்கும். கேட் 10 அடிதான் என்றால் ஒரு கார் வெளியே வரும்வரை இன்னொன்று தெருவில் காத்திருக்கும். செயற்கைக்கோள் படம் பழையதாக இருக்கலாம். காலி இடத்தில் இப்போது கொட்டகை எழும்பியிருக்கலாம். விசேஷம் நடக்கும் நாளில் மாடியிலிருந்து எடுத்த பார்க்கிங் படம் ஒன்று கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 13

படம் வந்தது. நான்கு வரிசை, நடுவில் வழி இல்லை. 30 காருக்குமேல் வரும் என்பதால் மூன்றாவது மண்டபம் வேண்டாம். முதலாவதில் மேடை உயரமும் வாசலும் ஒத்துவரவில்லை. இரண்டாவதையே பதிவு செய்யலாம். அங்கே பார்க்கிங் அளந்ததில் வழி விட்டே 45 கார் நிற்கிறது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ரசீதில் எழுதி வாங்க வேண்டியவை: வரிசை இடைவெளி 3 அடி, நாற்காலிகள் அரை நாற்காலி நகர்த்திப் போடப்படும், தூண் மறைக்கும் இரு பட்டைகளிலும் நாற்காலி கிடையாது, பக்கக் கதவுகள் திறந்திருக்கும், அன்றைக்குப் பார்க்கிங்கில் வேறு நிகழ்ச்சியின் வண்டிகள் நிற்காது. மேடையிலிருந்து எடுத்த மூன்று படங்களின் பிரதியையும் ரசீதோடு இணைத்து, வீடியோகிராபர் நிற்க வேண்டிய இடத்தை அதில் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தாயிற்று: நடுவழியின் முன்முனையில் இல்லை, முதல் வரிசையின் இடது ஓரத்தில்.