வெள்ளவத்தைக்கு எந்த வி?

காலி வீதியில் பஸ் இரைச்சலுக்குள் நின்று போனில் மச்சானுக்கு என் ஐடியைச் சொன்னேன்: bvp_05. மூன்று எழுத்தும் 'ஈ' என்றுதான் முடிகின்றன. வித்தியாசம் முன்னால் வரும் சின்ன ஓசையில். இரைச்சல் முதலில் விழுங்குவதும் அதைத்தான்.

சரி, ஊர்ப்பெயரில் சொல்வோம் என்று "பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, பாணந்துறை" என்றேன். மச்சான் bwp என்று தேடியிருக்கிறார். பிழை என்னுடையது. வெள்ளவத்தை காதுக்கு வி, ஆங்கிலப் பெயர்ப்பலகையில் டபிள்யூ! வவுனியா என்றதும் சரிவந்தது.

அப்புறம் அண்டர்ஸ்கோர். அவர் டேஷ் போட்டார். "கீழே கிடக்கிற கோடு" என்றேன். 'ஓ' என்று சொல்லாமல் "இலக்கம் பூச்சியம், இலக்கம் ஐந்து" என்றேன்.

கடைசியில் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"பாணந்துறை, வவுனியா, பம்பலப்பிட்டி..."