நேர் ஸ்கர்ட்டுக்கு முதல் பேட்டர்ன்: இரண்டரை அங்குலத்தை எங்கே ஒளிப்பது?

ப்ளவுஸ், சுடிதார் எல்லாம் வருஷக்கணக்கில் தைத்த கைதான். ஆனால் எப்போதும் ஒரு அளவு ஜாக்கெட்டை விரித்து வைத்து, அதைப் பார்த்தே வெட்டுவேன். அண்ணன் மகளுக்கு ஹோட்டல் வரவேற்பில் வேலை கிடைத்து, முழங்காலைத் தொடும் நேர் ஸ்கர்ட் வேண்டும் என்று வந்து நின்றபோது, பார்த்து வெட்ட வீட்டில் ஒரு ஸ்கர்ட்டும் இல்லை. உடம்பில் அளவெடுத்து, வெறும் காக்கித்தாளில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் அவள் இடுப்பில் ஒரு மெல்லிய எலாஸ்டிக்கைக் கட்டி, பக்கவாட்டில் ஒருமுறை வளையச் சொன்னேன். எலாஸ்டிக் தானாகப் போய் உட்காருகிற இடம்தான் இடுப்பு. அங்கே 29 அங்குலம். அடுத்தது சீட், அதாவது பிட்டத்தின் சுற்றளவு. டேப்பைத் தரைக்கு இணையாகப் பிடித்து மேலும் கீழும் நகர்த்தி, எங்கே அதிகமாக வருகிறதோ அங்கே எடுக்க வேண்டும். 38 வந்தது. இடுப்பிலிருந்து அந்த இடம் வரை, பக்கவாட்டில் 8 அங்குல ஆழம். ஸ்கர்ட்டின் நீளம் 24.

இன்னும் ஒரு அளவு உண்டு, பலர் விட்டுவிடுவது. வெறுங்காலில் நிற்க வைத்து, எலாஸ்டிக்கிலிருந்து தரை வரை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அவளுக்கு முன்னால் 40, பக்கத்தில் 40½, பின்னால் 39¾. இடுப்புக்கோடு நேர்கோடாக இருக்க முடியாது என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன.

வரைவது பாதி உடம்புக்கு மட்டும். சீட் 38 உடன் 2 அங்குலம் லூஸ் சேர்த்தால் 40, அதில் பாதி 20. ஆகவே 20 அகலம், 24 உயரத்தில் ஒரு செவ்வகம். இடது விளிம்பு பின் நடு, வலது விளிம்பு முன் நடு. மேலிருந்து 8 அங்குலத்தில் குறுக்கே சீட் கோடு. நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, அதுதான் பக்கத் தையல். முன்னும் பின்னும் ஆளுக்கு 10 அங்குலம். சீட் கோட்டுக்குக் கீழே வேலையே இல்லை, நேராக இறங்கிவிடுகிறது. விஷயம் முழுக்க மேலே இருக்கும் அந்த 8 அங்குலத்துக்குள்தான்.

இடுப்பு 29 உடன் 1 அங்குலம் லூஸ் சேர்த்து 30, கால் பங்கு ஏழரை. தாளில் இருப்பதோ 10. ஒவ்வொரு கால் பங்கிலும் இரண்டரை அங்குலத்தைக் காணாமல் செய்ய வேண்டும். அவ்வளவையும் பக்கத் தையலிலேயே வெட்டிவிட்டால் இடுப்பெலும்புக்கு மேல் துணி குடத்து விளிம்பு போலப் புடைத்து நிற்கும், பின்பக்கம் இடுப்புக்கடியில் தொளதொளவென்று இருக்கும். அவ்வளவையும் டார்ட்டில், அதாவது இடுப்பில் அகலமாகத் தொடங்கி கீழே முனையாக முடியும் மடிப்புத் தையலில் பிடித்தால், அந்த முனையில் கூம்பு கிளம்பும். இரண்டுக்கும் பங்கு பிரிப்பதுதான் இந்த வரைபடத்தின் கணக்கு.

நான் பிரித்தது இப்படி. வயிற்றை விடப் பின்பக்கம் அதிகம் மேடு என்பதால் டார்ட் பின்னால்தான் அதிகம் தேவை. அதற்காக இடுப்பின் கால் பங்கை முன்னால் 7¾, பின்னால் 7¼ என்று மாற்றினேன், கூட்டினால் அதே 15. பக்கத் தையலில் இரு பக்கமும் சமமாக ஒன்றே கால் அங்குலம் உள்ளே வந்தேன். சமமாக இருந்தால்தான் முன் வளைவும் பின் வளைவும் ஒட்டும்போது ஒன்றோடொன்று பொருந்தும். மீதி முன்னால் 1 அங்குலம், ஒரே டார்ட். பின்னால் ஒன்றரை, அதை முக்கால் அங்குலமாக இரண்டு டார்ட் ஆக்கினேன்.

டார்ட்டின் நீளத்தை உடம்புதான் முடிவு செய்கிறது. வயிற்றின் மேடு இடுப்புக்குக் கிட்டே இருக்கிறது, பின்பக்க மேடு தாழ்வாக இருக்கிறது. மேடு தொடங்கி முழுசாவதற்கு முன்பே முனை நின்றுவிட வேண்டும். முன் டார்ட், நடுவிலிருந்து 4 அங்குலம் தள்ளி, 3½ நீளம். பின்னால் இடுப்புக்கோட்டை மூன்றாகப் பிரித்து, நடுவுக்குக் கிட்டே இருப்பதற்கு 5½, பக்கத்துக்குக் கிட்டே இருப்பதற்கு 5.

அப்புறம் அந்தத் தரை அளவுகள். பக்கத் தையல் முனையை செவ்வகத்தின் மேல் கோட்டிலிருந்து அரை அங்குலம் உயர்த்தினேன், பின் நடுவைக் கால் அங்குலம் இறக்கினேன். முன் நடு, பக்கம், பின் நடு மூன்றையும் மெதுவான வளைவால் இணைத்தால் இடுப்புக்கோடு. பக்கத் தையலுக்கு முதலில் உயர்த்திய முனையிலிருந்து சீட் கோடு வரை நேர்கோடு போட்டு, அதன் நடுவில் கால் அங்குலம் வெளியே புடைக்கும்படி வளைத்தேன். சீட் கோட்டைத் தொடும் இடத்தில் மூலை தெரியாமல் கீழ்க்கோட்டில் கரைய வேண்டும். மூலை தெரிந்தால் தைத்த பிறகும் தெரியும்.

கத்தரிக்கு முன் ஒரு வேலை. டார்ட்டைத் தாளிலேயே, தைத்தால் எப்படி இருக்குமோ அப்படி மடித்து, நடுப்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். இடுப்புக்கோடு அந்த இடத்தில் உடைந்து ஒரு மூலை தெரியும். மடித்தபடியே கோட்டைச் சீராக்கி, மடித்தபடியே வெட்ட வேண்டும். விரித்தால் டார்ட் வாயில் சின்னக் கூரை போல ஒரு முக்கோணம் நிற்கும். அது இல்லாவிட்டால் தைக்கும்போது டார்ட்டின் மேல் நுனி பட்டிக்குள் மாட்டாமல் போகும்.

நல்ல துணியைத் தொடாமல், அலசி இஸ்திரி போட்ட காடாத் துணியில் ஒன்று வெட்டினேன். பக்கத்திலும் பின் நடுவிலும் 1 அங்குலம், இடுப்பில் அரை அங்குலம் தையலுக்கு விட்டேன். முக்கியமாக, சீட் கோட்டைத் துணி மேலேயே பென்சிலால் சுற்றி வரைந்தேன். மெஷினில் பெரிய தையலாகப் போட்டு, பின் நடுவை ஊசியால் குத்தி, அவளை நிற்க வைத்துக் கொஞ்சம் தள்ளிப்போய் அந்தக் கோட்டை மட்டும் பார்த்தேன். அது தரைக்கு இணையாக இருந்தால் பாதி கவலை போச்சு. முன்னால் ஏறி, பக்கத் தையலும் கீழே முன்னோக்கி நகர்ந்தால், வயிற்றுக்கு நீளம் போதவில்லை என்று பொருள். குறுக்கே இழுவைக் கோடுகள் விழுந்தால் சீட்டில் லூஸ் போதவில்லை.

அவளுக்குக் கோடு நேராக இருந்தது. ஆனால் "அத்தை, பின்னாடி பட்டிக்குக் கீழ ஏதோ மடிஞ்சு உட்காருது" என்றாள். நடு முதுகுக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு. இதற்கு இடுப்பை இறுக்கிப் பயனில்லை. இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவில் நீளம் கூடுதலாக இருக்கிறது, முதுகு அங்கே உள்வாங்கியிருப்பதால். மடிப்பைக் கிள்ளிப் பார்த்தேன், கால் அங்குலம் வந்தது. பின் நடுவை இன்னும் கால் அங்குலம் இறக்கி, பக்கத் தையலை நோக்கிப் போகப் போக அந்த இறக்கத்தைக் குறைத்தேன். மடிப்பு மறைந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தும் எழுந்தும் பார்த்தாள், 2 அங்குல லூஸ் போதுமாக இருந்தது. துணி இழுபடும் ரகமாக இருந்தால் இவ்வளவு லூஸ் தேவைப்படாது. இந்தக் கணக்கு இழுபடாத துணிக்கு.

கீழ்ச்சுற்றும் 40 அங்குலம்தான் என்பதால் மாடிப்படி ஏற ஒரு திறப்பு வேண்டும். பின் நடுவில் கீழிருந்து 7 அங்குல உயரத்துக்கு, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி 2 அங்குலம் கூடுதலாகத் தாளில் வரைந்து ஒட்டினேன். அதே பின் நடுவில் மேலே 7 அங்குல சிப். இடுப்புப் பட்டி 30 உடன், கொக்கி வைக்க ஒன்றரை சேர்த்து 31½ நீளம். சீட் கோட்டின் இரு முனையிலும் சின்ன வெட்டு அடையாளம் போட்டு, நூல் ஓட்டத்தை அம்புக்குறியாக வரைந்து, எல்லாவற்றையும் கெட்டி அட்டைக்கு மாற்றிய பிறகுதான் கறுப்பு டெரிகாட்டனை விரித்தேன்.